ஆறு முறை போதாது

ஐந்து மாம்பழங்கள் இருக்கின்றன. கையில் ஒரு தராசு, ஆனால் எடைக்கல் கிடையாது. தட்டுக்கு ஒரு பழமாக வைத்து, இரண்டில் எது கனம் என்று மட்டும் பார்க்கலாம். எந்த இரண்டு பழமும் ஒரே எடை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் லேசானதிலிருந்து கனமானது வரை வரிசையாக அடுக்கத் தராசை எத்தனை முறை தூக்க வேண்டும்?

பொருள்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் இந்தச் சிக்கலைப் போலந்துக் கணிதவியலாளர் ஹியூகோ ஸ்டைன்ஹாஸ் பொதுவாசகர்களுக்காக எழுதிய தன் கணிதப் புத்தகத்தில் எடுத்துப் பேசினார். யாருக்கும் முதலில் தோன்றும் நல்ல வழி, பழங்களை ஒவ்வொன்றாக வரிசைக்குள் செருகுவது. புதுப் பழத்தை ஏற்கெனவே அடுக்கிய வரிசையின் நடுப்பழத்தோடு ஒப்பிட்டால் பாதி வரிசையை ஒதுக்கிவிடலாம். மீதிப் பாதியிலும் அப்படியே செய்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது பழத்துக்கு ஒரு ஒப்பீடு, மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு இரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. ஆக மொத்தம் எட்டு. ஏழே போதும் என்று 1956-இல் ஹோவர்ட் டெமுத் தன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் காட்டினார்.

ஆறில் முடியுமா? முடியாது. நான் எழுத வந்தது இந்த ‘முடியாது’ பற்றித்தான். இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இனிப் பிறக்கப்போகிற எந்த மேதை எந்த வழியைக் கண்டுபிடித்தாலும், எப்போதும் ஆறில் முடிக்கும் வழியாக அது இருக்காது. கண்டுபிடிக்கப்படாத வழிகளைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது?

மூன்று பழங்களிலிருந்து தொடங்குவோம். அவற்றுக்கு க, ச, ட என்று பெயர். முதலில் க-வையும் ச-வையும் தராசில் வைக்கிறேன். க லேசு என்று வந்தால் அடுத்து ச-வையும் ட-வையும் வைக்கிறேன். அதில் ச லேசு என்றால் வரிசை க, ச, ட என்று முடிந்துவிட்டது. ட லேசு என்றால் ட-வுக்கும் க-வுக்கும் நடுவே யார் முந்தி என்று தெரியவில்லை, இன்னொரு ஒப்பீடு வேண்டும். முதல் ஒப்பீட்டிலேயே ச லேசு என்று வந்திருந்தாலும் இதேபோல ஒரு பாதை இருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். உச்சியில் முதல் கேள்வி, அதிலிருந்து இரண்டு கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அடுத்த கேள்வி, அதிலிருந்து மறுபடி இரண்டு கோடுகள். கேள்வி தீர்ந்த இடத்தில் ஒரு விடை. தலைகீழாக நிற்கும் ஒரு மரம் கிடைக்கும். இதைத் தீர்மான மரம் என்கிறார்கள். மேலே வேர், கீழே இலைகள். ஒவ்வொரு இலையிலும் ஒரு வரிசை எழுதியிருக்கும்.

கணினியில் ஓடும் நிரல் இந்த மரத்தை வரைவதில்லை, நினைவில் வைப்பதும் இல்லை. மரம் நம் பார்வைக்காக மட்டும். ஆனால் பொருள்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, அந்தப் பதில்களை மட்டுமே நம்பி வேலை செய்கிற எந்த முறைக்கும் இப்படி ஒரு மரம் உண்டு. முதலில் எந்த இரண்டை ஒப்பிட வேண்டும் என்பது முறையிலேயே தீர்மானமாகியிருக்கிறது. பதில் ‘இது’ என்றால் அடுத்து எது, ‘அது’ என்றால் அடுத்து எது என்பதும் அப்படியே. நிரல் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், எந்த மொழியில் எழுதியிருந்தாலும், ஐந்து பொருள்களுக்கு அது ஒரு குறிப்பிட்ட மரம்தான். ஆகவே எல்லா மரங்களையும் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல முடிந்தால், எல்லா முறைகளையும் பற்றிச் சொன்னதாகிவிடும். நிரூபணத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மீதி எல்லாம் எண்ணிக்கை.

முதல் எண்ணிக்கை இலைகளைப் பற்றியது. மூன்று பழங்கள் ஆறு விதமான வரிசையில் இருக்கலாம். ஒரு முறை சரியானது என்றால் இந்த ஆறும் ஆறு வெவ்வேறு இலைகளில் போய் முடிய வேண்டும். ஏன்? இரண்டு வெவ்வேறு வரிசைகள் ஒரே இலையில் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தராசு ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் முறைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை, இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் சொல்லும். அதில் ஒன்று கட்டாயம் தவறு. ஆகவே இலைகள் குறைந்தது ஆறு.

இரண்டாவது எண்ணிக்கை மரத்தின் ஆழத்தைப் பற்றியது. ஒரு கேள்விக்கு இரண்டே பதில் என்பதால், ஒரு ஒப்பீட்டில் முடியும் மரத்துக்கு அதிகபட்சம் 2 இலைகள், இரண்டு ஒப்பீடு என்றால் 4, மூன்று என்றால் 8. ஆறு இலைகள் வேண்டுமானால் நான்கு போதாது. எனவே மூன்று பழங்களுக்கு எல்லா நேரமும் இரண்டே ஒப்பீட்டில் முடிக்கும் முறை இருக்கவே முடியாது.

ஐந்து பழங்களுக்கு வருவோம். சாத்தியமான வரிசைகள் 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 120. ஆறு ஒப்பீடுகளுக்கு அதிகபட்சம் 64 இலைகள்தான். 120 வரிசைகளை 64 இலைகளில் அடக்கினால் ஏதாவது ஓர் இலையில் இரண்டு வரிசைகளாவது நெருக்கியடித்து நிற்கும். ஆறு போதாது என்பதற்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏழு ஒப்பீடுகளுக்கு 128 இலைகள். 120-க்கு அது போதும், ஆனால் மிச்சம் எட்டுதான். இவ்வளவு இறுக்கமான இடத்தில் டெமுத்தின் முறை எப்படிப் பொருந்தியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழங்கள் க, ச, ட, த, ப. முதல் ஒப்பீடு க-வுக்கும் ச-வுக்கும். கனமானதை ச என்று அழைப்போம். இரண்டாவது ட-வுக்கும் த-வுக்கும். இங்கே கனமானது த. மூன்றாவது, கனமான இரண்டும் மோதட்டும்: ச-வா, த-வா? வென்றது த என்று வைத்துக்கொள்வோம். வேறு பதில் வந்தாலும் பெயர்களை மாற்றி வைத்தால் இதே நிலைதான். இப்போது க, ச, த மூன்றும் அந்த வரிசையில் ஏறுகின்றன என்று தெரியும். ட என்பது த-வைவிட லேசு என்று தெரியும். ப-வைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மிஞ்சியிருக்கும் வரிசைகள் எத்தனை? ட-வுக்கு மூன்று இடங்கள் உண்டு: க-வுக்கு முன், க-வுக்கும் ச-வுக்கும் நடுவில், ச-வுக்கும் த-வுக்கும் நடுவில். அந்த நான்கும் அமர்ந்த பிறகு ப-வுக்கு ஐந்து இடங்கள். ஆக 15. மூன்று ஒப்பீடுகளும் ஒவ்வொன்றாக 120-ஐ 60, 30, 15 என்று சரிபாதியாகக் குறைத்திருக்கின்றன. கையில் இன்னும் நான்கு ஒப்பீடுகள், அவை பிரித்துக்காட்டக்கூடியவை 16. ஒரே ஒரு இடம்தான் உபரி.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ட-வைப் பற்றிப் பாதி தெரியும், அதை முதலில் முடித்துவிடலாம் என்று மனசு சொல்லும். அதற்காக ட-வை ச-வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ட கனம் என்று வந்தால் மிஞ்சுவது 5 வரிசைகள், நல்லதுதான். ட லேசு என்று வந்தால் மிஞ்சுவது 10. பாக்கி மூன்று ஒப்பீடுகள் 8 வரிசைகளைத்தான் பிரிக்கும். அதோடு ஆட்டம் முடிந்தது. இனி எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் ஏழில் முடியும் என்ற உறுதி போய்விட்டது. 

சரியான நான்காவது ஒப்பீடு, ஒன்றுமே தெரியாத ப-வை ச-வோடு வைப்பது. ப லேசு என்றால் 8 வரிசைகள் மிஞ்சும், கனம் என்றால் 7. இரண்டுமே எட்டுக்குள் அடங்குகின்றன. ப லேசாக இருந்தால் அடுத்து அதை க-வோடு ஒப்பிடுகிறோம், 8 என்பது 4, 4 என்று பிரியும். கனமாக இருந்தால் த-வோடு ஒப்பிடுகிறோம், 7 என்பது 4, 3 என்று பிரியும். இப்போது க, ச, த வரிசைக்குள் ப-வின் இடம் தெரிந்துவிட்டது. த-வுக்குக் கீழே இருக்கும் பழங்கள் அதிகபட்சம் மூன்று. ட-வை அவற்றின் நடுப்பழத்தோடு ஒப்பிட்டு, பிறகு ஒரு பக்கத்துப் பழத்தோடு ஒப்பிட்டால் இரண்டு ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். மொத்தம் ஏழு.

பார்த்தீர்களா, முடியாது என்று சொன்ன அதே எண்ணிக்கைதான் முடிகிற வழியையும் காட்டிக்கொடுக்கிறது. எந்த ஒப்பீடு நல்லது என்று தெரிய வேண்டுமானால், அதன் இரண்டு பதில்களுக்கும் எத்தனை வரிசைகள் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய பங்கு, பாக்கி ஒப்பீடுகளால் பிரிக்க முடிகிற அளவைத் தாண்டினால் அந்த வழி அடைபட்டது. ‘தெரியாததைக் கேள்’ என்று உள்ளுணர்வு சொல்லியிருக்கலாம், ஆனால் 10-ஐயும் 8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது நிச்சயமாகிறது.

பொதுக் கணக்குக்கு வருவோம். n பொருள்கள் இருந்தால் வரிசைகள் 1-லிருந்து n வரை எல்லா எண்களையும் பெருக்கி வரும் தொகை. இதை n! என்று எழுதுகிறார்கள். h ஒப்பீடுகளுக்கு இலைகள் அதிகபட்சம் 2^h. ஆகவே 2^h என்பது n!-க்குக் குறையக்கூடாது. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் n! வரும் என்பதே விடை. அதுதான் log₂(n!), பள்ளியில் படித்த மடக்கை, அடிமானம் மட்டும் 2.

இந்த n!-க்குள் n log n எங்கே ஒளிந்திருக்கிறது? பெருக்கும் எண்களில் பெரிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். n/2 எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் குறைந்தது n/2. மீதிப் பாதியை விட்டுவிட்டாலும் பெருக்கம் (n/2)^(n/2)-க்குக் குறையாது. அதன் மடக்கை (n/2) × log₂(n/2). இது தாராளமாக விட்டுக்கொடுத்துப் போட்ட கணக்கு, ஆனாலும் வடிவம் வந்துவிட்டது: n-ஐ அதன் மடக்கையால் பெருக்கிய அளவு, ஒரு மாறிலி வித்தியாசத்தோடு. இன்னும் நெருக்கமாகப் போட்டால் log₂(n!) என்பது n log₂ n கழித்தல் 1.44 n-க்கு மிக அருகில் வரும்.

பத்து லட்சம் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். விட்டுக்கொடுத்த கணக்குப்படியே குறைந்தது 94 லட்சத்துக்கு மேல் ஒப்பீடுகள் வேண்டும். சரியான கணக்குப்படி சுமார் 1 கோடியே 84 லட்சத்து 89 ஆயிரம். 1945-இல் ஜான் வான் நாய்மன் வகுத்த இணைப்பு வரிசைப்படுத்தல், அதாவது மெர்ஜ் சார்ட், இதே வேலையை எவ்வளவு மோசமான நிலையிலும் 1 கோடியே 89 லட்சத்து 52 ஆயிரத்துக்குள் முடித்துவிடும். கீழே போக முடியாத தரைக்கும் அந்த முறைக்கும் இடைவெளி நூற்றுக்கு இரண்டரைதான். ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆகக்கூடியது சுமார் 50,000 கோடி. தரை எங்கே என்று தெரியாதிருந்தால், வான் நாய்மனின் முறையையும் இதேபோல நூறு மடங்கு சுருக்கலாம் என்று யாராவது ஆயுளெல்லாம் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பட்டியல் ஏற்கெனவே வரிசையாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை மட்டும் ஒப்பிட்டு, n − 1 ஒப்பீட்டில் முடித்துவிடலாமே? முடிக்கலாம். நிரூபணம் அதை மறுக்கவில்லை. மரத்தில் சில இலைகள் வேருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். மிக ஆழமான இலை எவ்வளவு ஆழம் என்பதைத்தான் நாம் கணக்கிட்டோம், மோசமான நிலை என்பது அதுதான். அப்படியானால் ஒரே ஒரு துரதிருஷ்டமான பட்டியலுக்கு மட்டும் நேரம் ஆகுமோ, மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுமோ? அதுவும் இல்லை. தரையைவிடப் பத்து ஒப்பீடு குறைவாக, அதாவது log₂(n!) − 10 ஒப்பீட்டுக்குள் முடிகிற இலைகள், மொத்த வரிசைகளில் 1024-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது. காரணம் அதே இரட்டிப்பு: ஒவ்வொரு படி மேலே ஏறும்போதும் இலைகளுக்கான இடம் பாதியாகிவிடுகிறது. கலைத்துப்போட்ட பட்டியல் வந்தால் ஏறக்குறைய எப்போதுமே முழு விலையைக் கொடுத்தாக வேண்டும். சீக்கிரம் முடிகிற பட்டியல்கள் வெகு சில.

நிரூபணம் எதைச் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தரைக்குக் கீழே போக முடியாது என்கிறது. தரையைத் தொட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. பொருள்கள் பதினொன்று வரை தரையை அப்படியே தொடும் முறை இருக்கிறது. டெமுத்தின் யோசனையை எல்லா எண்ணிக்கைக்கும் விரித்து லெஸ்டர் ஃபோர்டும் செல்மர் ஜான்சனும் 1959-இல் வெளியிட்ட முறை அது. பன்னிரண்டில் கதை மாறுகிறது. 12! என்பது 47,90,01,600. இருபத்தெட்டு ஒப்பீடுகளுக்கு 26,84,35,456 இலைகள், போதாது. இருபத்தொன்பதுக்கு 53,68,70,912 இலைகள், தாராளமாகப் போதும். எண்ணிக்கை சொல்லும் தரை 29. ஆனால் ஃபோர்டு-ஜான்சன் முறைக்கு 30 ஆகிறது.

அந்த ஒன்று முறையின் குறையா, உண்மையிலேயே தேவையா? 1965-இல் லாஸ் அலமோஸில் மார்க் வெல்ஸ் கணினியை வைத்து எல்லா வழிகளையும் தேடிப் பார்த்தார். 29-இல் முடிக்கும் முறை இல்லவே இல்லை என்று தெரிந்தது. இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் பொருந்தும்படி வரிசைகளைப் பிரிக்க ஒப்பீடுகளால் முடியவில்லை. ஐந்து பழங்களில் நான்காவது ஒப்பீடு 15-ஐ 8, 7 என்று பிரித்ததே, அந்த அதிர்ஷ்டம் பன்னிரண்டில் கடைசிவரை கிடைப்பதில்லை. எங்கோ ஒரு கட்டத்தில் 10, 5 போன்ற கோணலான பிரிவு மட்டுமே மிஞ்சுகிறது. மரத்தின் இலைகளை எண்ணுவது சுலபம். எந்த மரம் உண்மையில் வளரும் என்று அறிவதுதான் கடினம்.

கடைசியாக, இந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும் என்பது. நிரூபணம் முழுக்க ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: பொருள்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஒப்பீட்டின் பதில் மட்டுமே. தராசில் வைத்த பழம் தன் எடையைச் சொல்வதில்லை. ஆனால் அஞ்சல் உறையில் பின்கோடு எழுதியிருக்கிறதே. அந்த ஆறு இலக்கங்களை நேரடியாகப் படிக்கலாம். பத்துப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, முதலில் கடைசி இலக்கத்தைப் பார்த்து உறைகளைப் பெட்டியில் போடுங்கள். 0-லிருந்து 9 வரை பெட்டிகளை வரிசை கலையாமல் சேர்த்தெடுத்து, அதற்கு முந்தைய இலக்கத்தைப் பார்த்து மறுபடி போடுங்கள். இப்படி ஆறு சுற்று முடிந்தால் எல்லா உறைகளும் பின்கோடு வரிசையில் நிற்கும். எந்த இரண்டு உறையையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே இல்லை. பத்து லட்சம் உறைகளுக்கு 60 லட்சம் தடவை பார்ப்பதோடு முடிகிறது. ஒரு கோடியே 84 லட்சம் என்ற தரை இதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் இங்கே ஒரு பார்வைக்குப் பத்துப் பதில்கள் உண்டு. மரத்தின் கிளைகள் இரண்டாகப் பிரிவதில்லை, பத்தாகப் பிரிகின்றன. அதோடு, பூஜ்யத்தில் தொடங்காத ஆறு இலக்க எண்கள் மொத்தமே ஒன்பது லட்சம்தான். ஒவ்வொரு உறைக்கும் தனித்தனி எண் வேண்டுமென்றால், உறைகள் பெருகப் பெருக இலக்கங்களும் பெருக வேண்டும், சுற்றுகளும் கூடும்.

எனவே, எல்லா வரிசைப்படுத்தலையும் மிஞ்சும் வேகமான முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்று யாராவது உங்களிடம் வந்தால், அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் முறை பொருள்களை இரண்டிரண்டாக ஒப்பிட மட்டும் செய்கிறதா, அல்லது பொருளின் உள்ளே இருக்கும் இலக்கத்தையோ எழுத்தையோ படிக்கிறதா? படிக்கிறது என்றால் உட்கார்ந்து கேளுங்கள், விஷயம் இருக்கலாம். ஒப்பிட மட்டும் செய்கிறது, ஆனாலும் எப்போதும் log₂(n!)-க்குக் கீழே முடிகிறது என்றால், அந்த முறையில் இரண்டு வரிசைகள் ஒரே இலையில் நிற்கின்றன. பொறுமையாகத் தேடினால், அது தப்பாக அடுக்கும் பட்டியல் கட்டாயம் கிடைக்கும்.